ஒரு தோடம்பழமும் ஒரு நீலத் தாளும்

 

எங்கட பாடசாலையின் விஞ்ஞானப் பாட வீடியோக்களுக்கு முன்னால் வருகிற சின்னப் படத்தை மாற்றியிருக்கிறோம். பார்த்தவர்கள் சிலர் "யார் செஞ்சது, எவ்வளவு கொடுத்தீங்க?" என்று கேட்டார்கள். யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. நாங்கள் மூன்று ஆசிரியர்கள் கணினி அறையில் இருந்து செய்தோம். விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் ஒருவர், கணினி சேர் ஒருவர், சித்திரம் படிப்பிக்கிற மிஸ் ஒருவர். எப்படிச் செய்தோம், எங்கெங்கே பிழைவிட்டோம் என்று எழுதச் சொல்லிப் பெற்றோர் சிலரும் பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவரும் கேட்டதால்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில், ஏன் மாற்றினோம் என்பது.

தரம் 10 பிள்ளைகளுக்காக நாங்கள் பதிவு செய்த பாடங்கள் 14 இருந்தன. வீடியோவை ஏற்றியதும் யூடியூப் தானாகவே மூன்று காட்சிகளைப் பிடித்துத் தரும். அதில் ஒன்றைத் தெரிந்துவிட்டு நாங்களும் விட்டுவிட்டோம். ஆக, 14 வீடியோவுக்கும் ஒரே கரும்பலகை, ஒரே சேர், ஒரே நீலச் சட்டை. சிலதில் வாய் திறந்தபடி, சிலதில் கண் மூடியபடி. அவ்வளவுதான் வித்தியாசம்.

தவணைப் பரீட்சைக்கு முந்தின நாள் ஒரு பிள்ளை உம்மாவின் போனில் மிதத்தல் பாடத்தைத் தேடியிருக்கிறது. கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த நாள் வந்து சொன்னது இதுதான்: "சேர், எல்லாம் ஒரே மாதிரித்தான் கிடக்கு. ஒவ்வொண்டா திறந்து பார்த்தேன். நாலாவதுலயே டேட்டா முடிஞ்சிட்டு."

தலைப்பு எழுதித்தானே இருந்தது என்று நாங்கள் சொல்லப் போனோம். பிறகு அந்த உம்மாவின் போனை வாங்கிப் பார்த்தோம். திரையில் ஒரு கீறல், வெளிச்சம் பாதிக்குக் குறைத்து வைத்திருக்கிறது, தலைப்பின் முதல் வரியில் "தரம் 10 விஞ்ஞானம் அலகு" என்பதோடு எழுத்து முடிந்து மூன்று புள்ளி. எது எந்தப் பாடம் என்று சொல்ல வேண்டிய சொல், தெரியாத பகுதியில் இருந்தது. பலசரக்குக் கடையில் மூடி பூட்டிய 14 டப்பா, ஒன்றிலும் பெயர் இல்லை. அப்படி ஒரு கடையைத்தான் நாங்கள் நடத்தியிருக்கிறோம்.

உடனே திருத்தப் போய் இன்னொரு பிழை விட்டோம். மிதத்தல் வீடியோவில் ஒரு மாணவி கண்ணாடிக் குவளையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற காட்சி ஒன்று இருந்தது. அழகான காட்சி. அதை எடுத்து முன் படமாகப் போட்டோம். அன்று இரவே பிள்ளையின் உம்மா அழைத்தார். கோபப்படவில்லை. "சேர், பாடத்துக்குள்ள நிக்கிறது வேற, முகப்புல புள்ளட முகத்தப் போடுறது வேற. கொஞ்சம் எடுத்து விடுங்களேன்" என்றார். சரியான பேச்சு. நாங்கள் கேட்காமல் போட்டது பிழை. அப்போதே எடுத்துவிட்டோம்.

அன்றைக்கு எடுத்த முடிவுதான் இன்றைக்கு நீங்கள் பார்க்கிற படங்கள்: யாருடைய முகமும் வேண்டாம். அந்தப் பாடத்தில் வருகிற ஒரு பொருள், ஒன்றே ஒன்று, வெட்டி எடுத்து, அழுத்தமான ஒரு நிறத்துக்கு மேல் பெரிதாக வைப்பது. பக்கத்தில் ஒரு சொல்.

சொல்ல இலேசு. மிதத்தல் பாடத்தின் அந்த ஒரு படத்துக்கு எங்களுக்கு மூன்று பின்னேரம் போனது. அதையே உதாரணமாகச் சொல்கிறோம்.

எந்தப் பொருள்?

முதலில் நாங்கள் நினைத்தது தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குவளை. பாடம் தண்ணீரைப் பற்றியது, குவளைதானே பொருத்தம்? ஆனால் கண்ணாடியை வெட்டி எடுத்தால் அதற்குப் பின்னால் இருந்த எங்கள் மேசையும் கண்ணாடியோடு சேர்ந்தே வருகிறது. ஒளிபுகும் பொருளுக்குச் சொந்த நிறம் கிடையாது, பின்னால் இருப்பதுதான் அதன் நிறம். நீல நிறத்துக்கு மேல் வைத்தபோது குவளைக்குள் மட்டும் பழுப்பு மேசை தெரிந்தது. விற்றராசில் தொங்கும் கல்லையும் முயன்றோம். நூல் அவ்வளவு மெல்லியது, படம் சின்னதாகும்போது காணாமல் போகிறது. கல் அந்தரத்தில் நிற்கிறது.

அப்போது சித்திர மிஸ் கேட்டார்: "உங்கட பாடத்துல புள்ளைகள் மறக்காத சாமான் எது?" அது தோடம்பழம். தோலோடு தண்ணீரில் போட்டால் மிதக்கும். தோலை உரித்துப் போட்டால் தாழும். பாரம் குறைந்த பிறகு தாழ்கிறதே என்று பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் வாதாடுவார்கள். தோலுக்குள் நிறையச் சின்னச் சின்னக் காற்றறைகள் இருக்கின்றன. அதனால் தோலோடு பழத்தின் சராசரி அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. தோல் போனதும் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றுக் கூடிவிடுகிறது. பாடத்தின் மையமே அந்தப் பழத்தில்தான் இருக்கிறது.

வெட்டுவதற்கும் அது நல்ல பொருள். ஒளி புகாது, உருண்டை, விளிம்பு தெளிவு, முடியோ நூலோ இல்லை. தூரத்தில் இருந்து பார்த்தாலும் தோடம்பழம் தோடம்பழம்தான். பாதி தோல் உரித்து, உரித்த தோல் தொங்குகிற மாதிரி படம் எடுப்பது என்று முடிவெடுத்தோம். கேள்வி அந்தப் படத்திலேயே வந்துவிடும்.

போட்டோ எடுத்தது

முதல் நாள் வெள்ளை பிரிஸ்டல் போர்ட்டில் வைத்து எடுத்தோம். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் உரித்த தோலின் உட்புறம் வெள்ளை. வெள்ளைத் தாளில் வெள்ளைத் தோல் எங்கே முடிகிறது என்று எங்களுக்கே தெரியவில்லை. வெட்டிய பிறகு தோலின் ஒரு பக்கம் எலி கடித்த மாதிரி வந்தது.

இன்னொரு குறையும் இருந்தது, அது பிறகுதான் தெரிந்தது. வெள்ளைத் தாளில் எடுத்த பொருளின் ஓரத்தில் எப்போதும் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஒட்டிக்கொண்டு வரும். விளிம்பில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியிலும் பழத்தின் நிறமும் தாளின் நிறமும் பாதி பாதி கலந்திருப்பதுதான் காரணம். அதைக் கடும் நீலத்துக்கு மேல் வைத்தால் பழத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். கத்தரிக்கோலால் பேப்பரில் வெட்டி ஒட்டின மாதிரி.

மிஸ்தான் வழி சொன்னார். கடைசியில் எந்த நிறத்துக்கு மேல் வைக்கப் போகிறோமோ, அதற்குக் கிட்டின நிறத்தாளில் வைத்தே போட்டோ எடுப்பது. அலுமாரியில் இருந்த கடும் நீல டிமை பேப்பரை எடுத்து விரித்தோம். இப்போது தோலின் வெள்ளை, பழத்தின் மஞ்சள் கலந்த சிவப்பு, இரண்டுமே நீலத்தில் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன. ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அது நீலம். நீலப் பின்னணியில் யாருக்கும் தெரியாது.

ஜன்னல் பக்கம் வைத்து, காலை வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் எடுத்தோம். போனைக் கிட்டக் கொண்டுபோகாமல் இரண்டடி தள்ளி நின்று எடுத்தால் பழம் உருக்குலையாமல் வரும். எடுத்த படத்தைக் கணினிக்கு அனுப்பும்போது வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்ப வேண்டாம். அது படத்தைச் சுருக்கிவிடும், விளிம்பு மங்கிப்போகும். Document என்ற வழியில் அனுப்பினால் எடுத்தபடியே வரும்.

வெட்டி எடுத்தது

எங்கள் கணினி அறையில் இருப்பது GIMP. இலவசமானது, பழைய கணினியிலும் ஓடும். படிமுறையை ஒருமுறை முழுதாகச் சொல்கிறோம்.

போட்டோவைத் திறந்து, முதலில் Layer > Transparency > Add Alpha Channel. இதைச் செய்யாவிட்டால் வெட்டின இடம் வெறுமையாகாது, ஏதோ ஒரு நிறத்தால் நிரம்பும். பிறகு Paths கருவியை எடுத்து பழத்தின் ஓரமாக ஒவ்வொரு புள்ளியாக வைத்துப் போவது. உருண்டையான பக்கத்துக்குப் புள்ளிகள் குறைவாகப் போதும், வைத்த கோட்டை இழுத்து வளைக்கலாம். தொங்குகிற தோலில் வளைவு கூட, அங்கே புள்ளிகள் நெருக்கமாக வேண்டும். எங்களுக்கு மொத்தம் முப்பது புள்ளி வரை போனது. கடைசியில் Ctrl ஐ அழுத்திக்கொண்டு முதல் புள்ளியைத் தொட்டால் கோடு மூடிக்கொள்ளும். Enter அடித்தால் அது தெரிவாக மாறும்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு வெட்டக் கூடாது. Select > Shrink என்று போய் தெரிவை 2 பிக்சல் உள்ளே இழுத்தோம். ஓரத்தில் கலந்திருக்கிற அந்தப் பாதி நிறம் இதில் போய்விடும். பிறகு Select > Feather இல் 1 பிக்சல். விளிம்பு கத்தி மாதிரி கூராக நிற்காமல் சற்று மென்மையாகும். அதற்கு மேல் கூட்டினால் பழம் பனிக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். அதன் பிறகு Select > Invert, Delete. பழம் மட்டும் மிஞ்சும், சுற்றிச் சதுரம் சதுரமாகச் சாம்பல் கட்டங்கள் தெரியும். அந்தக் கட்டங்கள்தான் "இங்கே ஒன்றும் இல்லை" என்பதன் அடையாளம்.

சேமிக்கும்போது File > Export As, பெயரின் கடைசியில் .png. முதல் தடவை நாங்கள் .jpg என்று போட்டுவிட்டோம். அடுத்த நாள் திறந்தால் பழத்தைச் சுற்றி முழு வெள்ளைப் பெட்டி. அந்த வகைப் பைலுக்கு வெறுமையை வைத்துக்கொள்ளத் தெரியாது, வெள்ளையை நிரப்பிவிடும். ஒரு பின்னேர வேலை அதில் போனது.

பின்னணி: அழுத்தமான நிறம் என்றால் என்ன?

இதில்தான் நாங்கள் அதிகம் படித்தோம்.

நாங்கள் எடுத்த அளவு 1280 க்கு 720 பிக்சல். அதே அளவில் ஒரு புதிய பக்கம் திறந்து, கண்ணைப் பறிக்கிற வான நீலத்தை நிரப்பினோம். பழத்தை மேலே வைத்தோம். கணினித் திரையில் அவ்வளவு அழகு. நீலமும் செம்மஞ்சளும் நிறச் சக்கரத்தில் எதிரெதிர் நிறங்கள், ஒன்றையொன்று எடுத்துக் காட்டும் என்று மிஸ்ஸும் சொன்னார். சந்தோசமாக அந்த உம்மாவின் போன் மாதிரியே வெளிச்சம் குறைத்த ஒரு போனில் போட்டு, முற்றத்து வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தோம். பழம் பின்னணிக்குள் கரைந்து கிடந்தது.

கணினி சேர் Colors > Desaturate என்பதைக் கொடுத்து முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டினார். அப்போதுதான் விசயம் விளங்கியது. வான நீலம் #4FA8E8. பழத்தின் நடுப்பகுதி #F28C1E. சாம்பலாக்கினால் இரண்டுக்கும் கிடைத்தது 255 இல் ஏறத்தாழ 154. அதாவது நிறம் வேறு, வெளிச்சம் ஒன்று. நல்ல திரையில் நிறம் நம்மைக் காப்பாற்றும். வெயிலில், மங்கின திரையில் நிறம் முதலில் சாகும். அப்போது மிஞ்சுவது வெளிச்ச வித்தியாசம் மட்டும்தான். நிறங்களைப் பிரித்தறியச் சிரமப்படுகிற பிள்ளைக்கும் அதுதான் கைகொடுக்கும்.

நீலத்தை #0B2A5B என்ற கடும் நீலத்துக்கு இறக்கினோம். சாம்பலில் அது வெறும் 39. 154 க்கும் 39 க்கும் இடையில் பழம் வெயிலிலும் துள்ளி நின்றது. நாங்கள் போட்டோ எடுத்த டிமை பேப்பரும் கடும் நீலம் என்பதால் ஓரமும் சுத்தமாகப் பொருந்தியது.

பழுத்தும் தோல் பச்சையாகவே இருக்கிற எங்கள் ஊர்த் தோடம்பழத்தை இந்தக் கடும் நீலத்தில் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. கரும்பச்சையும் கடும் நீலமும் இரண்டுமே இருட்டு. அந்தப் பழத்துக்கு வெளிர் மஞ்சள் பின்னணிதான் சரி. ஆக, "இந்த நிறம்தான் நல்ல பின்னணி" என்று ஒன்று இல்லை. பொருள் வெளிச்சமானால் பின்னணி இருட்டு, பொருள் இருட்டானால் பின்னணி வெளிச்சம். தெரிந்துகொள்ள ஒரு தரம் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்துவிட்டு Ctrl+Z அடித்தால் போதும்.

பின்னணியில் வேறு என்ன? படத்தின் கீழ் மூன்றிலொரு பங்குக்கு சற்று வெளிச்சமான நீலப் பட்டை ஒன்று போட்டோம். அதுதான் தண்ணீர். அலை இல்லை, குமிழி இல்லை. முதலில் அலையும் குமிழியும் போட்டோம், சின்னதாக்கியபோது அழுக்கு மாதிரி தெரிந்தது, அழித்துவிட்டோம்.

ஒன்றின் மேல் ஒன்று

லேயர் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: முன்பு பாடசாலைகளில் ஓவர்ஹெட் புரொஜெக்டர் இருந்தது நினைவிருக்கும். ஒளிபுகும் தாளில் எழுதி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டுவோம். அதேதான். அடியில் கடும் நீலம். அதற்கு மேல் தண்ணீர்ப் பட்டை. அதற்கு மேல் பழம், File > Open as Layers மூலம் கொண்டுவந்தது. எல்லாவற்றுக்கும் மேல் எழுத்து. ஒவ்வொன்றும் தனித் தாள் என்பதால் பழத்தை நகர்த்தினால் தண்ணீர் நகராது. சொல்லை மாற்றினால் பழம் கெடாது. இன்னும் பெரிய வசதி, அடுத்த பாடத்துக்குப் பழத்தை எடுத்துவிட்டு வேறு பொருளை வைத்தால் போதும். அதற்காக .xcf என்ற மூலப் பைலை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

பழத்தைப் படத்தின் உயரத்தில் முக்கால் பங்குக்கு வைத்தோம். கூச்சப்பட்டுச் சின்னதாக வைத்தால் வேலையில்லை. ஆனால் போட்டோவில் இருந்த அளவைவிடப் பெருப்பிக்கவும் கூடாது, மங்கிவிடும். இடம் வலப்பக்கம், கொஞ்சம் மேலே. வலப்பக்கக் கீழ் மூலையில் யூடியூப் வீடியோவின் நேரத்தைக் கறுப்புப் பெட்டியில் எழுதும். அந்த மூலையில் எதை வைத்தாலும் மறைந்துவிடும். முதல் படத்தில் எங்கள் தொங்குகிற தோலின் நுனி அங்கேதான் கிடந்தது.

ஒரு நிழலும் கொடுத்தோம், Filters > Light and Shadow > Drop Shadow. அது இல்லாவிட்டால் பழம் பின்னணியில் ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி இருக்கும். ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்ததால் நிழல் வலப்பக்கம் விழ வேண்டும். கணினி சேர் தவறுதலாக இடப்பக்கம் விழுத்தினார். என்ன பிழை என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை, ஆனால் ஏதோ பொய்யாக இருக்கிறது என்று எல்லாருக்கும் பட்டது. கண் அப்படித்தான், காரணம் தெரியாமலே கண்டுபிடிக்கும்.

அந்த ஒரு சொல்

பாட அலகின் பெயர் "நீர்நிலையியல் அமுக்கமும் அதன் பிரயோகங்களும்". அதையே எழுத வேண்டும் என்று எங்களில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் பிடிவாதமாக நின்றார். எழுதிப் பார்த்தோம். மூன்று வரி வந்தது. போனில் பக்கத்தில் அடுக்கிக் காட்டும்போது படம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். GIMP இல் View > Zoom இல் 12.5% கொடுத்தால் அதே அளவைப் பார்க்கலாம். பார்த்தோம். வரிகள் மூன்றும் மூன்று வெள்ளைக் கோடு.

தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. அந்தத் தலைப்பில் மெய்யெழுத்துக்கு மேல் ஏழு புள்ளி இருக்கிறது. மூன்று வரியில் அடக்கும்போது ஒரு புள்ளியின் அகலம் 8 பிக்சல் அளவு, எட்டில் ஒன்றாகச் சுருங்கினால் ஒரே ஒரு பிக்சல். அது தெரியாது. "ர்" என்பது "ர" ஆகிவிடும், "ம்" என்பது "ம" ஆகிவிடும். வாசிக்கிற பிள்ளை தடுமாறும்.

மிஸ் எழுதின சொல்: "மிதக்குமா?" ஐந்து எழுத்து, ஒரே ஒரு புள்ளி. இடப்பக்கத்துப் பாதியை நிரப்புகிற அளவுக்குப் பெரிதாக வைத்ததில் அந்தப் புள்ளி 24 பிக்சல். சுருங்கினாலும் 3 பிக்சல் மிஞ்சியது. வாசிக்க முடிந்தது. நிறம் வெளிர் மஞ்சள், கடும் நீலத்தில் அது பளிச்சென்று நிற்கும்.

எழுத்துருவுக்கு Noto Sans Tamil இன் தடித்த வகையைப் பாவித்தோம். எங்கள் கணினிகளில் பழக்கத்தில் இருப்பது பாமினி. அதில் அடித்த பைலைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் "மிதக்குமா" என்பது kpjf;Fkh என்று நிற்கும். ஒருங்குறியில் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை. எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு போடுகிறவர்களுக்கு ஒரு சொல்: தடித்த எழுத்துக்குத் தடித்த கோடு போட்டால் புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும், "கு" இன் உள்வெளியும் அடைபட்டுவிடும். பின்னணி போதிய இருட்டாக இருந்தால் கோடே தேவையில்லை. நாங்கள் போடவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இதற்கு முன் வேறொரு பாடத்துக்குச் சிவப்பு எழுத்தில் "பரீட்சையில் நிச்சயம் வரும்!" என்று போட்டோம். நிறையப் பேர் திறந்தார்கள். பரீட்சையில் வரவில்லை. ஒரு வாப்பா பாடசாலை வாசலில் நிறுத்தி, "நிச்சயம் எண்டு போட்டீங்களே சேர், புள்ள அத மட்டும்தான் படிச்சிச்சி" என்றார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் படத்தை அன்றே எடுத்தோம். இப்போது எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு: முன்னால் இருக்கிற பொருள் வீடியோவுக்குள் கட்டாயம் இருக்க வேண்டும், முன்னால் கேட்ட கேள்விக்கு உள்ளே கட்டாயம் பதில் இருக்க வேண்டும். "மிதக்குமா?" என்று கேட்டோம். வீடியோவின் இரண்டாவது நிமிடத்திலேயே பழம் தண்ணீருக்குள் போகிறது.

ஏற்றும்போது

கடைசிப் படத்தை .png அல்லது .jpg ஆக எடுக்கலாம், இங்கே வெறுமை எதுவும் இல்லை என்பதால் .jpg பரவாயில்லை. 2 எம்பிக்குள் வைத்துக்கொண்டால் தொல்லையில்லாமல் ஏறும். சொந்தப் படம் ஏற்றுகிற வசதி வர, யூடியூப் கணக்கைத் தொலைபேசி இலக்கம் கொடுத்து உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். ஏற்கனவே போட்ட வீடியோவுக்கும் படத்தை மட்டும் மாற்றலாம், வீடியோவை அழிக்கத் தேவையில்லை. மாற்றின உடனே பழைய படமே தெரிந்தால் பயப்பட வேண்டாம், கொஞ்ச நேரத்தில் புதியது வரும்.

போன கிழமை, டேட்டா முடிந்துபோன அந்தப் பிள்ளையிடம் எங்கள் பக்கத்தைத் திறந்து போனைக் கொடுத்தோம். ஒன்றும் சொல்லாமல், "மிதத்தல் பாடத்த எடுங்க" என்றோம். விரலால் ஒருதரம் தள்ளியது, நிறுத்தியது, தொட்டது. "தோடம்பழம் போட்டிருக்கீங்களே சேர்" என்றது.

14 இல் இதுவரை ஆறு முடிந்திருக்கிறது. ஏழாவது, கண்ணாடி வில்லை பற்றிய பாடம். ஒளிபுகும் பொருள். எப்படி வெட்டுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். வில்லையை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் தலைகீழாகத் தெரிகிற ஒரு பொருளை வைக்கலாமா என்று மிஸ் கேட்கிறார். இன்ஷா அல்லாஹ் அடுத்த கிழமை பார்ப்போம்.

உங்களிடம் ஒரு சின்ன உதவி. வீட்டில் இருக்கிற ஆகப் பழைய போனை எடுத்து, வெளிச்சத்தைக் குறைத்து, வெயிலில் நின்று எங்கள் படங்கள் ஆறையும் பாருங்கள். எந்தப் படத்தில் சொல் வாசிக்க முடியவில்லை, எதில் பொருள் என்னவென்று விளங்கவில்லை என்று கீழே எழுதுங்கள். எங்கள் கணினி அறைத் திரையில் எல்லாமே அழகாகத்தான் தெரிகிறது. அதை நம்பித்தான் முதலிலும் ஏமாந்தோம்.